நாய்க்கடிக்குத் தடுப்பூசியுடன் எதிர்ப்பொருள் ஊசியும் சேர்த்துப் போடுவது ஏன்?

ரேபிஸ் எனப்படும் வெறிநாய்க்கடி நோய், நோயுற்ற விலங்கின் உமிழ்நீர் வழியாக மனிதருக்குப் பரவும் வைரஸ் நோயாகும். இந்தியாவில் இது பெரும்பாலும் நாய்க்கடியால் வருகிறது. நோயின் அறிகுறிகள் தோன்றிய பிறகு அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. ஆனால் கடிபட்டவுடன் முறையான சிகிச்சை கிடைத்தால், நோய் வராமலே தடுத்துவிட முடியும். இந்தச் சிகிச்சையில் மூன்று பகுதிகள் உள்ளன. காயத்தைக் கழுவுதல் முதலாவது. தடுப்பூசி இரண்டாவது. கடி ஆழமாக இருந்தால், ஆயத்த நிலையில் உள்ள எதிர்ப்பொருளைக் காயத்திலேயே செலுத்துவது மூன்றாவது.

முதல் இரண்டும் பலருக்குத் தெரியும். மூன்றாவதுதான் அடிக்கடி விடுபட்டுப்போகிறது. "தடுப்பூசிதான் போட்டாயிற்றே, அதே நாளில் இன்னொரு ஊசி எதற்கு?" என்ற கேள்வி, காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் போன்ற கிராமப்புற வட்டாரங்களில் இயல்பாகவே எழும். கடிபட்ட குழந்தையுடன் அங்கிருந்து மாவட்டத் தலைநகருக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் போக வேண்டியிருந்தால், அந்த இரண்டாவது ஊசி உண்மையிலேயே தேவைதானா என்று பெற்றோர் யோசிப்பார்கள். அதற்கான விடையை இக்கட்டுரை விளக்குகிறது.

## கடித்த இடத்திலிருந்து மூளை வரை

நாய் கடிக்கும்போது அதன் உமிழ்நீரிலுள்ள வைரஸ், தோலைக் கடந்து தசைக்குள் செல்கிறது. அது இரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் பரவுவதில்லை. கடிபட்ட இடத்திலேயே சில காலம் தங்குகிறது. தசை செல்களில் பெருகவும் செய்யலாம். பிறகு, தசையும் நரம்பும் சந்திக்கும் முனையில் நரம்புக்குள் நுழைகிறது. நுழைந்தபின் நரம்பிழையின் உள்ளேயே முதுகுத்தண்டை நோக்கியும், அங்கிருந்து மூளையை நோக்கியும் நகர்கிறது.

இந்தப் பயணத்திற்கு நேரம் பிடிக்கும். கடிபட்ட நாளிலிருந்து அறிகுறி தோன்றும் வரை பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதங்கள் ஆகின்றன. சிலருக்கு ஒரு வாரம் முதல் இரண்டு வாரங்களிலேயே நோய் வந்துவிடுவதுண்டு. ஓராண்டுக்கு மேல் ஆவதும் உண்டு. தலை, முகம், கழுத்து ஆகிய இடங்களில் கடிபட்டால் மூளைக்கான தூரம் குறைவு. விரல் நுனிகளில் நரம்பு முனைகள் மிகுதி. அதனால் இந்த இடங்களில் ஏற்படும் கடி அதிக ஆபத்தானது. குழந்தைகள் உயரம் குறைந்தவர்கள் என்பதால், நாய் பாயும்போது முகத்திலும் தலையிலும் கடிபடும் வாய்ப்பு பெரியவர்களைவிட அவர்களுக்கு அதிகம்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வைரஸ் காயத்தில் இருக்கும்வரை எதிர்ப்பொருள் அதைப் பிடித்துச் செயலிழக்கச் செய்ய முடியும். நரம்புக்குள் நுழைந்துவிட்டால் எதிர்ப்பொருள் அதை எளிதில் எட்ட முடியாது. ஆகவே சிகிச்சையின் வெற்றி, வைரஸ் நரம்புக்குள் நுழையும் முன் எதிர்ப்பொருள் அதைச் சந்திக்கிறதா என்பதைப் பொறுத்தது.

## தடுப்பூசி தரும் பாதுகாப்பு எப்போது தொடங்குகிறது?

தடுப்பூசியில் இருப்பது செயலிழக்கச் செய்யப்பட்ட ரேபிஸ் வைரஸ். அதனால் நோயை உண்டாக்க முடியாது. ஆனால் அதன் வெளிப்புறப் புரதத்தை உடல் அடையாளம் கண்டுகொள்கிறது. அந்தப் புரதத்தில் ஒட்டக்கூடிய எதிர்ப்பொருளை நோய் எதிர்ப்பு மண்டலம் தயாரிக்கத் தொடங்குகிறது. இந்த எதிர்ப்பொருளை உடல் தானே உருவாக்குவதால் அது நீண்ட காலம் நிலைக்கும். அதோடு, நினைவாற்றல் கொண்ட செல்களும் உருவாகின்றன. பல ஆண்டுகள் கழித்து மறுபடி கடிபட்டாலும், உடல் விரைவில் எதிர்ப்பொருளைத் தயாரித்துவிடும்.

குறை என்னவென்றால், முதன்முறையாகத் தடுப்பூசி போட்டுக்கொள்பவருக்கு இந்தத் தயாரிப்பு உடனே நடப்பதில்லை. முதல் ஊசி போட்ட ஏழாம் நாளையொட்டித்தான் எதிர்ப்பொருள் இரத்தத்தில் தென்படத் தொடங்குகிறது. பாதுகாப்புக்குப் போதுமான அளவை எட்டுவதற்கு ஏறத்தாழ 14 நாட்கள் ஆகின்றன. அதிக மருந்து கொடுத்தோ அடுத்தடுத்த நாட்களில் ஊசி போட்டோ இந்தக் காலத்தைப் பெரிதாகச் சுருக்க முடியாது. உடலின் செல்கள் பிரிந்து பெருகுவதற்குத் தேவைப்படும் காலம் அது.

எனவே தடுப்பூசியை மட்டும் நம்பினால், முதல் ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் வரை காயத்தில் வைரஸ் இருக்கும். அதை எதிர்க்க எதுவும் இருக்காது. மேலோட்டமான கீறலில் வைரஸின் அளவு குறைவு என்பதால் இந்த இடைவெளி பெரும்பாலும் ஆபத்தாக மாறுவதில்லை. ஆழமான கடியில், அதுவும் முகத்திலோ கையிலோ ஏற்பட்ட கடியில், அந்தப் பத்து நாட்களுக்குள்ளேயே வைரஸ் நரம்புக்குள் போய்விடலாம்.

## ஆயத்த எதிர்ப்பொருள் என்றால் என்ன?

இந்த இடைவெளியை நிரப்புவதே ரேபிஸ் இம்யூனோகுளோபுலின். மருத்துவமனைப் பேச்சில் இதைச் 'சீரம்' என்றும் சொல்வார்கள். இது தடுப்பூசி அல்ல. வேறோர் உடலில் ஏற்கெனவே உருவான எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்து, கடிபட்டவருக்குக் கொடுப்பதாகும். செலுத்திய கணத்திலிருந்தே இது வேலை செய்யும்.

இது இரண்டு மூலங்களிலிருந்து கிடைக்கிறது. ரேபிஸ் தடுப்பூசி போடப்பட்ட குதிரைகளின் இரத்தத்திலிருந்து எடுத்துத் தூய்மைப்படுத்துவது ஒன்று. தடுப்பூசி போட்டுக்கொண்ட மனிதர்களின் இரத்தத்திலிருந்து எடுப்பது மற்றொன்று. மனித மூலத்திலிருந்து கிடைப்பது விலை அதிகம், அளவும் குறைவு. அதனால் இந்தியாவின் அரசு மருத்துவமனைகளில் குதிரை மூலத்திலிருந்து கிடைப்பதே பெரும்பாலும் பயன்படுகிறது. அண்மை ஆண்டுகளில், ஆய்வகத்தில் செல்களைக் கொண்டு உருவாக்கும் மோனோகுளோனல் எதிர்ப்பொருள்களும் இந்தியாவில் பயன்பாட்டுக்கு வந்துள்ளன. அவற்றின் அளவு தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும்.

வெளியிலிருந்து வந்த எதிர்ப்பொருளை உடல் புதிதாகப் பெருக்குவதில்லை. நாளாக நாளாக அது கரைந்துபோகிறது. மனித மூல எதிர்ப்பொருள் ஏறத்தாழ மூன்று வாரங்களில் பாதியாகக் குறைகிறது. குதிரை மூலத்திலிருந்து கிடைப்பது அதைவிட விரைவாக மறைகிறது. அது நினைவாற்றல் செல்களையும் உருவாக்காது. ஆகவே இந்த ஊசி மட்டும் போதாது. அது மறையும் நேரத்தில் எங்கேனும் எஞ்சியிருக்கும் வைரஸ் மீண்டும் தலைதூக்கலாம்.

சுருக்கமாகச் சொன்னால், ஆயத்த எதிர்ப்பொருள் உடனே தொடங்கி விரைவில் முடிகிறது. தடுப்பூசியின் பலன் தாமதமாகத் தொடங்கி நீண்ட காலம் நிற்கிறது. முன்னது குறையத் தொடங்கும்போது பின்னது ஏறிவிட வேண்டும். அதனால்தான் இரண்டும் ஒரே நாளில் தொடங்கப்படுகின்றன.

## ஒரு ஓநாய் தந்த சான்று

இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதன் பலன் மனிதரிடம் தெளிவாகத் தெரியவந்தது 1954-ஆம் ஆண்டு ஈரானில். அங்கே ஒரு கிராமத்தில் வெறிபிடித்த ஓநாய் ஒன்று, சில மணி நேரத்திற்குள் 29 பேரைக் கடித்தது. அவர்களில் பலருக்குத் தலையிலும் முகத்திலும் கடுமையான காயங்கள். தெஹ்ரான் பாஸ்டர் நிறுவனத்தைச் சேர்ந்த பல்தசார், பஹ்மன்யார் ஆகியோர் அவர்களுக்குச் சிகிச்சை அளித்து, முடிவை 1955-இல் வெளியிட்டனர்.

தலையில் கடுமையாகக் கடிபட்டவர்களில் தடுப்பூசி மட்டும் பெற்றவர்கள் ஐந்து பேர்; அவர்களில் மூன்று பேர் இறந்தனர். தடுப்பூசியுடன் எதிர்ப்பொருளும் பெற்றவர்கள் 13 பேர். அவர்களில் ஒருவர் மட்டுமே இறந்தார். எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் எல்லோரையும் கடித்தது ஒரே விலங்கு. காயங்களின் தன்மையும் ஏறத்தாழ ஒன்று. அதனால் வேறுபாட்டுக்குச் சிகிச்சைதான் காரணம் என்று கொள்ள வலுவான அடிப்படை கிடைத்தது. ஆழமான கடிக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் உலகெங்கும் நிலைபெற இதுவே முதன்மைச் சான்றாக அமைந்தது.

## யாருக்கு இரண்டும் தேவை?

உலக சுகாதார நிறுவனம் விலங்குத் தொடர்பை மூன்று வகைகளாகப் பிரிக்கிறது. இந்தியாவின் தேசிய வழிகாட்டுதலும் இதையே பின்பற்றுகிறது.

முதல் வகை, நாயைத் தொடுவது, அதற்கு உணவளிப்பது, காயமில்லாத தோலை நாய் நக்குவது. இதற்கு ஊசி எதுவும் தேவையில்லை; கழுவினால் போதும்.

இரண்டாம் வகை, இரத்தம் வராத சிறு கீறல், மூடப்படாத தோலைப் பல்லால் இலேசாகக் கவ்வுதல். இதற்குக் கழுவுவதுடன் தடுப்பூசி தேவை.

மூன்றாம் வகை, தோலைத் துளைத்து இரத்தம் வரும் கடி அல்லது கீறல், ஏற்கெனவே புண்ணான தோலையோ வாய், கண் ஆகியவற்றின் உட்புறத்தையோ நாய் நக்குவது. இதற்குத் தடுப்பூசியும் எதிர்ப்பொருளும் இரண்டுமே தேவை. காயத்தின் அளவு இங்கே முக்கியமல்ல. ஊசிமுனை அளவுக்கு ஒரே ஒரு பல் இறங்கி ஒரு துளி இரத்தம் வந்திருந்தாலும் அது மூன்றாம் வகைதான்.

நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் போன்றோருக்குத் தடுப்பூசிக்கு உடல் சரியாக எதிர்வினை காட்டாமல் போகலாம். அவர்களுக்கு இரண்டாம் வகைத் தொடர்புக்கும் எதிர்ப்பொருள் தரப்படுகிறது.

## உத்திரமேரூர்ப் பகுதியிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு

நடைமுறையில் இது எப்படி நடக்கிறது என்பதை ஒரு கற்பனைச் சூழலைக் கொண்டு பார்க்கலாம். உத்திரமேரூரை அடுத்த ஒரு கிராமத்தில், திங்கட்கிழமை மாலை, 20 கிலோ எடையுள்ள ஒரு சிறுவனைத் தெருநாய் கடித்துவிடுகிறது. வலது முன்கையில் இரண்டு ஆழமான பல் தடங்கள். இடது கன்னத்தில் இரத்தம் கசியும் ஒரு கீறல்.

முதல் வேலை வீட்டிலேயே தொடங்குகிறது. குழாயையோ அடிபம்பையோ திறந்துவிட்டு, ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். ரேபிஸ் வைரஸின் மேலுறையில் கொழுப்பு உள்ளது; சோப்பு அதைச் சிதைக்கிறது. பதினைந்து நிமிடம் என்பது அழும் குழந்தையை வைத்துக்கொண்டு மிக நீண்ட நேரம்; கடிகாரத்தைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்ப்பொடி, காபித்தூள் எதையும் வைக்கக்கூடாது. இவை திசுவைப் புண்ணாக்கி, பிறகு மருந்து செலுத்துவதையும் கடினமாக்கும்.

அடுத்து அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம். தமிழ்நாட்டில் அங்கு நாய்க்கடித் தடுப்பூசி இலவசமாகப் போடப்படுகிறது. தோலின் உள்ளடுக்கில் போடும் முறையில், ஒவ்வொரு முறையும் இரண்டு மேற்கைகளிலும் 0.1 மில்லிலிட்டர் வீதம் செலுத்துவார்கள். திங்கட்கிழமை தொடக்க நாள், அதாவது 0-ஆம் நாள். 3-ஆம் நாளான வியாழன், 7-ஆம் நாளான அடுத்த திங்கள், 28-ஆம் நாளான நான்காம் வாரத் திங்கள் ஆகிய நாட்களில் அடுத்த தவணைகள். தசையில் போடும் முறையில் 0, 3, 7, 14, 28 என ஐந்து தவணைகள். முன்பு தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்டது, நரம்புத் திசுவிலிருந்து தயாரித்த பழைய தடுப்பூசி. இந்தியாவில் அதன் உற்பத்தி 2004 இறுதியோடு நிறுத்தப்பட்டுவிட்டது.

சிறுவனின் காயம் மூன்றாம் வகை. ஆகவே எதிர்ப்பொருளும் தேவை. இது எல்லாச் சுகாதார நிலையங்களிலும் எப்போதும் இருக்கும் என்று சொல்ல முடியாது. இல்லாவிட்டால், தடுப்பூசியின் முதல் தவணையை உடனே போட்டுவிட்டு, காஞ்சிபுரம் அரசு தலைமை மருத்துவமனைக்கோ செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அனுப்பலாம். எதிர்ப்பொருள் கிடைக்கவில்லை என்பதற்காகத் தடுப்பூசியைத் தள்ளிப்போடக்கூடாது.

அங்கே குதிரை மூல எதிர்ப்பொருள் இருப்பதாகக் கொள்வோம். அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 40 அலகுகள். சிறுவனுக்கு 20 × 40 = 800 அலகுகள். இந்தியாவில் கிடைக்கும் மருந்தில் ஒரு மில்லிலிட்டரில் 300 அலகுகள் இருக்கும். எனவே 800-ஐ 300-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 2.7 மில்லிலிட்டர். இதுதான் அவனுக்குக் கொடுக்கத்தக்க உச்ச அளவு. மனித மூல மருந்தாக இருந்தால் கிலோவுக்கு 20 அலகுகள் போதும்.

இந்த மருந்தைக் கையிலோ இடுப்பிலோ போடுவதில்லை. ஒவ்வொரு காயத்தின் உள்ளும், அதைச் சுற்றியுள்ள திசுவிலும் மெல்லிய ஊசியால் சிறிது சிறிதாகச் செலுத்துகிறார்கள். முன்கையின் இரண்டு பல் தடங்களிலும் ஆழம் வரை, கன்னத்தின் கீறல் நெடுகிலும் மருந்து சேர வேண்டும். காயங்கள் பலவாக இருந்து மருந்து போதாவிட்டால், அளவைக் கூட்டுவதில்லை. உப்புக் கரைசல் கலந்து இரண்டு மூன்று மடங்காக நீர்க்கச் செய்து, எல்லாக் காயங்களுக்கும் எட்டும்படி செய்கிறார்கள். விரல் நுனி போன்ற இறுக்கமான இடங்களில் அதிகம் செலுத்தினால் இரத்த ஓட்டம் தடைபடும் என்பதால், அங்கு கூடுதல் கவனம் தேவை.

சிறுவனுக்கு வலிக்கும், புண்ணுக்குள்ளேயே ஊசி போடுவதைப் பார்க்கப் பெற்றோருக்கும் மனம் பொறுக்காது. ஆனால் வைரஸ் இருக்கும் இடம் அதுதான். எதிர்ப்பொருள் அதைச் சந்திக்க வேண்டிய இடமும் அதுதான்.

## ஏழு நாள் எல்லையும் அளவின் எல்லையும்

இரண்டு மருந்துகளும் ஒன்றுக்கொன்று துணை என்றாலும், முறை தவறினால் ஒன்று மற்றொன்றுக்கு இடையூறாகும். தடுப்பூசியிலுள்ள வைரஸ் புரதத்தையே எதிர்ப்பொருள் பிடித்துக்கொள்ளும் ஆற்றல் உடையது. பிடித்துக்கொண்டால், உடல் அந்தப் புரதத்தைப் பார்த்துத் தானே எதிர்ப்பொருள் தயாரிக்கும் வேலை குன்றிவிடும். இதிலிருந்து மூன்று விதிகள் பிறக்கின்றன.

முதலாவது, இரண்டையும் ஒரே சிரிஞ்சில் கலக்கக்கூடாது. ஒரே இடத்தில் செலுத்தவும் கூடாது. தடுப்பூசிக்கு மேற்கை, எதிர்ப்பொருளுக்குக் காயம். கடியே மேற்கையில் இருந்தால் தடுப்பூசிக்கு வேறு இடம் தேர்ந்தெடுக்கப்படும்.

இரண்டாவது, எடைக்கேற்ற உச்ச அளவைத் தாண்டக்கூடாது. அதிகம் கொடுத்தால் அதிகப் பாதுகாப்பு என்ற கணக்கு இங்கே பொருந்தாது.

மூன்றாவது, எதிர்ப்பொருளை ஒரே ஒரு முறை, முடிந்தவரை முதல் நாளிலேயே தர வேண்டும். முதல் நாளில் கிடைக்காவிட்டால், தடுப்பூசியின் முதல் தவணையிலிருந்து ஏழாம் நாள் வரை தரலாம். அதன்பின் தருவதில்லை. அதற்குள் உடலின் சொந்த எதிர்ப்பொருள் உருவாகத் தொடங்கியிருக்கும் என்பதே காரணம். இந்த ஏழு நாளைக் கடிபட்ட நாளிலிருந்து எண்ணுவதாகப் பலர் தவறாக நினைக்கிறார்கள். எண்ண வேண்டியது முதல் தடுப்பூசி போட்ட நாளிலிருந்து. கடிபட்டு மூன்று வாரம் கழித்து ஒருவர் முதன்முறையாகச் சிகிச்சைக்கு வந்தால், நேற்றுக் கடிபட்டவரைப் போலவே அவருக்கும் இரண்டும் தரப்படும்.

முன்பே முழுமையாகத் தடுப்பூசி போட்டுக்கொண்டவருக்கு மீண்டும் கடிபட்டால், எதிர்ப்பொருள் தேவையில்லை. 0, 3 ஆகிய இரு நாட்களில் தடுப்பூசி போட்டால் போதும். அவரது நினைவாற்றல் செல்கள் சில நாட்களிலேயே எதிர்ப்பொருளை ஏராளமாகத் தயாரித்துவிடும். நிரப்ப வேண்டிய இடைவெளி அங்கு இல்லை. பழைய ஊசிச் சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்வது இதற்காகத்தான்.

## சிம்லாவில் கண்ட வழி

ஆயத்த எதிர்ப்பொருள் எப்போதும் தட்டுப்பாடான மருந்து. முன்பெல்லாம் கணக்கிட்ட அளவில் காயத்துக்குப் போக மிஞ்சியதை வேறொரு தசையில் செலுத்தும் வழக்கம் இருந்தது. 50 கிலோ எடையுள்ளவருக்குக் காலில் ஒரே ஒரு பல் தடம் என்றாலும், 2000 அலகுகளும் செலவாகும். 1500 அலகுகள் கொண்ட குப்பிகளில் ஒன்றுக்கு மேல் தேவைப்படும்.

இமாச்சலப் பிரதேசத்தின் சிம்லாவில் மருத்துவர் ஓமேஷ் குமார் பாரதி, மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்ட காலத்தில், காயத்தில் மட்டும் எதிர்ப்பொருளைச் செலுத்தி, மிஞ்சியதைப் பிற நோயாளிகளுக்குப் பயன்படுத்தினார். தசையில் செலுத்திய பகுதி காயத்தைப் போதிய அளவில் சென்றடைவதில்லை என்பதே இதன் அடிப்படை. இந்த முறையில் சிகிச்சை பெற்றவர்கள் பாதுகாக்கப்பட்டதை அவரது குழு பதிவுசெய்தது. 2018-இல் உலக சுகாதார நிறுவனமும், இடமிருக்கும் அளவுக்குக் காயத்தில் செலுத்தினால் போதும், மிச்சத்தைத் தசையில் போடத் தேவையில்லை என்று தன் பரிந்துரையை மாற்றியது. 2019-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. ஒருவருக்கான குப்பியில் சிலருக்குச் சிகிச்சை அளிக்க முடிவது, சிறிய மருத்துவமனைகளுக்குப் பெரிய உதவி.

## எங்கே தவறு நேர்கிறது?

கடிபட்டபின் ஊசி போட்டும் ஒருவர் ரேபிஸால் இறந்தார் என்ற செய்தி வரும்போது, தடுப்பூசியின் மீதே ஐயம் எழுகிறது. கேரளத்தில் 2022-லும் 2025-லும் இத்தகைய இறப்புகள் நேர்ந்தபோது அந்த ஐயம் பரவலாகப் பேசப்பட்டது. இப்படிப்பட்ட நேர்வுகளை ஆராயும்போது பொதுவாகச் சில காரணங்கள் தென்படுகின்றன.

முதலாவது, எதிர்ப்பொருள் தரப்படாமலே போவது. டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டு "நாய்க்கடி ஊசி போட்டாயிற்று" என்று நினைப்பவர்களும் உண்டு. அதற்கும் ரேபிஸுக்கும் தொடர்பில்லை. சீட்டில் தடுப்பூசியின் பெயரும் தவணை நாட்களும், மூன்றாம் வகைக் கடியானால் இம்யூனோகுளோபுலின் அளவும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்தால் இது தெரிந்துவிடும்.

இரண்டாவது, ஏதேனும் ஒரு காயம் விடுபடுவது. தலைமுடிக்குள் மறைந்த சிறு பல் தடம், விரல் இடுக்கிலுள்ள கீறல் ஆகியவை எளிதில் கண்ணுக்குத் தப்பும். குழந்தையின் உடையைக் களைந்து, தலைமுடியை விலக்கி, உடல் முழுவதையும் பார்க்க வேண்டும். தெரிந்த எல்லாக் காயங்களையும் பெற்றோர் மருத்துவரிடம் காட்டுவது அவசியம்.

மூன்றாவது, எதிர்ப்பொருள் செலுத்தும் முன் காயத்தைத் தைப்பது. தையல் ஊசி வைரஸை மேலும் ஆழத்துக்குக் கொண்டுசெல்லக்கூடும். தைத்தே ஆக வேண்டிய பெரிய காயமென்றால், எதிர்ப்பொருள் செலுத்திச் சில மணி நேரம் கழித்து, தளர்வாகச் சில தையல்கள் மட்டும் போடப்படும்.

நான்காவது, தடுப்பூசி சரியான அடுக்கில் சேராதது. தோலின் உள்ளடுக்கில் சரியாகப் போட்டால், ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளியிட்ட சிறு புடைப்பு உடனே எழும். எழாவிட்டால் மருந்து ஆழத்துக்குப் போயிருக்கலாம். அருகில் மீண்டும் போட வேண்டும். தடுப்பூசியை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைத்திருக்காவிட்டாலும் அதன் வீரியம் குறையும். புட்டத்தில் போடக்கூடாது, அங்குள்ள கொழுப்பால் பலன் குறைகிறது. சிறு குழந்தைகளுக்குத் தொடையின் முன்பக்க வெளிப்புறத்தில் போடப்படுகிறது.

ஐந்தாவது, தவணைகளை இடையில் நிறுத்துவது. எதிர்ப்பொருள் மறையும் நேரத்தில் தடுப்பூசியின் பலன் மேலெழ வேண்டும் என்பதால், பிந்தைய தவணைகள் முந்தையவற்றுக்குச் சமமானவை. கடித்தது வீட்டு நாயாக இருந்து, கடித்த நாளிலிருந்து பத்து நாட்கள் அது நலமாக இருந்தால் மட்டும், மருத்துவரின் ஆலோசனைப்படி எஞ்சிய தவணைகளை நிறுத்தலாம். ஆனால் அந்தப் பத்து நாட்கள் கழியட்டும் என்று காத்திருந்து சிகிச்சையைத் தொடங்கக்கூடாது.

இவை எல்லாம் சரியாக நடந்தும், மிக அரிதாக நோய் வருவதுண்டு. தலையிலோ முகத்திலோ பல் நேரடியாக நரம்பில் இறங்கிவிட்டால், சிகிச்சை தொடங்கும் முன்பே வைரஸ் நரம்புக்குள் நுழைந்திருக்கலாம். இது இச்சிகிச்சையின் எல்லை. அதனால்தான் முகக்கடிக்கு ஒரு மணி நேரம்கூட மதிப்புள்ளது.

## ஒவ்வாமை பற்றிய அச்சம்

குதிரைச் சீரம் என்றதும் கடுமையான ஒவ்வாமை வரும் என்ற அச்சம், மருத்துவமனை ஊழியர்களிடமும் முன்பு இருந்தது. இன்றைய மருந்து நன்கு தூய்மைப்படுத்தப்பட்டது; உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை மிக அரிது. தோலில் சிறிது போட்டுப் பார்க்கும் சோதனை அந்த ஆபத்தை முன்கூட்டிச் சரியாகக் காட்டுவதில்லை என்பதால், உலக சுகாதார நிறுவனம் இப்போது அதைப் பரிந்துரைப்பதில்லை. மாறாக, அட்ரினலின் மருந்தைத் தயாராக வைத்துக்கொண்டு, ஊசி போட்டபின் சிறிது நேரம் நோயாளியைக் கண்காணிப்பில் வைக்கிறார்கள். ஒரு வாரம் கழித்துக் காய்ச்சல், மூட்டுவலி, தோலில் தடிப்பு ஆகியவை சிலருக்கு வரலாம். இவை பெரும்பாலும் தாமாகவே தணியும். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும்கூட இச்சிகிச்சை மறுக்கப்படுவதில்லை.

உத்திரமேரூர்ச் சிறுவனுக்குத் திங்கட்கிழமை இரவே காஞ்சிபுரத்தில் எதிர்ப்பொருள் கிடைத்தால் நல்லது. கிடைக்காமல் செவ்வாய் காலையில் பேருந்து பிடிக்க நேர்ந்தாலும், வாய்ப்பு கைவிட்டுப் போய்விடவில்லை. அடுத்த திங்கள் வரை அதற்கு அவகாசம் உண்டு. ஆனால் கழியும் ஒவ்வொரு நாளும் காயத்திலுள்ள வைரஸுக்குச் சாதகமான நாள். அன்றைய நாளின் முடிவில் அவன் சீட்டில் இரண்டு பதிவுகள் இருக்க வேண்டும்: மேற்கைகளில் போட்ட தடுப்பூசி ஒன்று, காயத்தில் செலுத்திய எதிர்ப்பொருள் மற்றொன்று.